யார் விலக்க முடியும்? மட்டக்களப்பு வடக்கில் பூசகர், குரு, ஞானி, அறிஞர்

1. கேள்வி

மட்டக்களப்பிலிருந்து திருக்கோணமலைக்குப் போகும் கரையோரப் பாதையில், வாழைச்சேனையைத் தாண்டி வாகரைக்குப் போகும் வழியில் இருக்கிறது மாங்கேணி. நிர்வாகப்படி கோறளைப்பற்று வடக்குப் பிரதேசத்தைச் சேர்ந்த ஊர். 2004ஆம் ஆண்டின் கடற்கோளுக்குப் பிறகும், 2007இல் வாகரைப் போர் முடிந்து மக்கள் மீளக் குடியேறிய காலத்திலும், இந்தக் கரைக்கு வெளியாட்கள் பெருமளவில் வந்தார்கள். இடமாற்றம் பெற்ற ஆசிரியர்களும் பிரதேச செயலக உத்தியோகத்தரும் இன்றும் வருகிறார்கள். அப்படி வருபவர் சந்திக்கும் முதற் குழப்பங்களில் ஒன்று, ஊரின் சமய வாழ்வில் யாரிடம் எதற்காகப் போவது என்பது. கட்டாடியார், கப்புகனார், குருக்கள், சாமியார், மௌலவி, லெப்பை, சுவாமி, பாதர், பண்டிதர் என்று பல பெயர்கள் காதில் விழும். வந்தவர் இவர்கள் எல்லோரையும் 'மதத் தலைவர்கள்' என்ற ஒரே தலைப்பில் எழுதி, ஒரே கூட்டத்துக்கு அழைத்து, ஒரே கேள்வியைக் கேட்பார். பதில்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் வரும்போது, மக்களுக்கே தெளிவில்லை என்று முடிவு கட்டுவார்.

மக்களுக்குத் தெளிவு இருக்கிறது. பூசகர், குரு, ஞானி, அறிஞர் என்ற நான்கு பணிகளையும் இந்தப் பிரதேசம் தனித்தனியாகவே வைத்திருக்கிறது. ஆனால் அவற்றைப் பிரிக்கும் கோடு, அறிவின் அளவிலோ ஒழுக்கத்தின் உயர்விலோ போடப்படவில்லை. அந்தக் கோடு எங்கே போடப்பட்டிருக்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

2. இதுவரையான விளக்கங்கள்

இதற்கு முன்வைக்கப்படும் விளக்கங்களில் இரண்டு முக்கியமானவை. ஒன்று ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் தந்த பாகுபாடு. பூசகருக்கு அதிகாரம் பதவியால் வருகிறது. தீர்க்கதரிசிக்கு அது அவருடைய ஆளுமையின் ஈர்ப்பால் வருகிறது. இது பயனுள்ள தொடக்கம். ஆனால் மட்டக்களப்பில் பதவி என்பது ஒரே வகையானதல்ல. தாய்வழிக் குடி உரிமையால் வரும் பதவியும், தீட்சையால் வரும் பதவியும், சபை தரும் நியமனமும் வேறு வேறு.

இன்னொன்று சைவ நூல்வழி விளக்கம். அது ஆகமத்தை அளவுகோலாக வைக்கிறது. சமய தீட்சை, விசேட தீட்சை, நிருவாண தீட்சை என்று படிகள் ஏறி, ஆசாரியாபிஷேகமும் பெற்றவரே பிறர்பொருட்டுக் கோயிலில் பூசை செய்யத் தகுதி உடையவர் என்பது அதன் நிலை. இந்த அளவுகோலை வாகரைக் கரையில் வைத்தால் பழைய கோயில்களின் பூசகர்களில் பெரும்பாலோர் தகுதியற்றவர்களாகிவிடுவர். ஒரு சமூகம் பல தலைமுறைகளாக நம்பி ஒப்படைத்த பணியைத் தகுதிக்குறைவு என்று தள்ளும் அளவுகோல், அந்தச் சமூகத்தை விளக்க உதவாது.

களத்தில் இருந்து எழுதியவர்கள் கூடுதலாகக் கவனித்திருக்கிறார்கள். செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட வேடர் பற்றிய நூலில் கிழக்குக் கரையோர வேடருக்குத் தனியே இடம் ஒதுக்கி, அவர்கள் தமிழ் பேசுவதையும் கடல் கடந்து வந்த கப்பல் தெய்வங்களுக்குச் சடங்கு செய்வதையும் பதிவு செய்தனர். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, அக்கரைப்பற்றை மையமாக வைத்துப் பல ஆண்டுகள் ஆய்ந்து 2008இல் வெளியிட்ட நூலில், தமிழர் கோயிலையும் முஸ்லிம் பள்ளிவாசலையும் குடி முறை எப்படித் தாங்கி நிற்கிறது என்று காட்டினார். இவ்விரண்டு பதிவுகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒரு சோதனைக் கேள்வி கிடைக்கிறது: இந்த மனிதரை இந்தப் பணியிலிருந்து யார் விலக்க முடியும்? நான்கு பணிகளுக்கும் நான்கு வேறு விடைகள் வருகின்றன.

3. பூசகர்: கதவும் நாளும்

கண்ணகி அம்மன் கோயில்களின் வைகாசிச் சடங்கை எடுத்துக்கொள்வது நல்லது. மட்டக்களப்புத் தமிழகத்தின் தனி அடையாளமாகச் சொல்லப்படுவது அதுதான். இந்தக் கோயில்களில் பலவற்றில் ஆண்டு முழுதும் மூலக் கதவு அடைத்தே இருக்கும். வைகாசியில் நாள் குறித்துக் கதவு திறக்கப்படும். பிறகு கலியாணக்கால் நடுவார்கள். இரவுகளில் கண்ணகி வழக்குரை படிப்பார்கள். கடைசி இரவில் குளிர்த்தி நடக்கும். மதுரையை எரித்துவிட்டு வந்த அம்மனின் சினத்தைத் தணிக்கும் பாடல்களைப் பாடிக் குளிர்விப்பதே குளிர்த்தி. அதன்பின் கதவு மறுபடி அடைக்கப்பட்டால் திறப்பது அடுத்த வைகாசியில்தான்.

இத்தனையிலும் பூசகரின் வேலை என்ன? அம்மனைப் பற்றிப் பேசுவது அல்ல. அவர் பிரசங்கம் செய்வதில்லை. வழக்குரையைப் படிப்பவர்கூடப் பல இடங்களில் வேறு ஆள். கப்புகனார் என்றும் கட்டாடியார் என்றும் இடத்துக்கு இடம் பெயர் மாறும் அந்தப் பூசகர், கதவைத் திறக்கிறார். முறைப்படி மடை வைக்கிறார். தெய்வத்தின் பொருட்களைத் தொடும் உரிமை அவருக்கு மட்டுமே உண்டு. மண்டூர் முருகன் கோயிலில் கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்வதை முதன்முறை பார்ப்பவர் திகைப்பார். மந்திரம் ஒலிக்காத பூசை அது. கதிர்காமத்தில் கப்புறாளை செய்யும் வழிபாட்டோடு இதற்கு நெருங்கிய உறவு உண்டு. மண்டூருக்குச் சின்னக் கதிர்காமம் என்ற பெயர் வந்ததற்கு அதுவும் பொருந்துகிறது. அங்கே வேண்டப்படுவது சொல்லாற்றல் அல்ல. செயலின் சரியான ஒழுங்கு.

ஆகவே பூசகரை மதிப்பிடும் விதமும் தனி. சடங்கு நாள்களில் அவர் விரதத்தோடு கோயிலோடு இருக்க வேண்டும். அவருடைய நெருங்கிய உறவில் பிறப்போ இறப்போ நேர்ந்தால் துடக்கு. அந்த நாள்களில் எவ்வளவு பக்திமானாக இருந்தாலும் அவர் கோயிலுக்குள் கை வைக்க முடியாது. உரிமையுள்ள வேறொருவர் முன்வருவார். இந்த மாற்றம் பூசகர் பணியின் இயல்பை நன்றாகக் காட்டுகிறது. ஆளை மாற்றலாம், ஆனால் பணி ஒரு நாள்கூட நிற்கக் கூடாது. ஒரு குருவுக்கு இப்படிப் பதில் ஆள் போட முடியாது. ஞானிக்குப் பதில் ஆள் என்ற பேச்சுக்கே இடமில்லை.

பூசகரை விலக்கக் கூடியவர் யார்? கோயிலின் வண்ணக்கர். வண்ணக்கர் பூசை செய்பவர் அல்லர், கோயிலின் பொறுப்பாளர். ஊரின் முதன்மைக் குடிகளின் சார்பில், பல இடங்களில் தாய்வழியாக மாமனிடமிருந்து மருமகனுக்கு வந்த உரிமையால், அந்தப் பதவியில் இருப்பவர். திருவிழா நாளைக் குறிப்பதும், எந்தக் குடிக்கு எந்த நாள் திருவிழா என்று வகுப்பதும், கணக்குப் பார்ப்பதும், பூசகரை அமர்த்துவதும் அவர் தலைமையில் நடக்கின்றன. கோயில் பற்றி ஏதாவது முடிவு வேண்டும் என்று நேரே பூசகரிடம் போகும் புதிய உத்தியோகத்தர், பொறுப்பற்றவரிடம் பொறுப்பைக் கேட்கிறார். அவர் தயங்கினால் அது ஒத்துழையாமை ஆகாது. முடிவு அவர் கையில் இல்லை.

வாகரைக்கும் கல்குடாவுக்கும் இடைப்பட்ட கரையில் இன்னொரு வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். வேடர் வழிவந்த குடும்பங்கள் வாழும் இடங்களில் சடங்கு நடத்துபவரும், தெய்வம் வந்து ஆடுபவரும் வேறு வேறு ஆட்களாக இருக்கலாம். தெய்வம் ஆடுபவரிடம் மக்கள் நோய்க்கும் காணாமற்போனதற்கும் குறி கேட்பார்கள். அவருடைய அதிகாரம் தெய்வம் மேலேறி நிற்கும் அந்தச் சில நாழிகைகளுக்கு மட்டும் உரியது. உரு இறங்கிய பின் அவர் சாதாரண மீனவரோ கமக்காரரோதான். தலைப்பில் உள்ள நான்கிலும் அடங்காத ஐந்தாவது பணி இது. நான்கு பெட்டிகளோடு வருபவர் இவரைப் பூசகர் பெட்டியில் போட்டால் தவறு; ஞானிப் பெட்டியில் போட்டால் இன்னும் பெரிய தவறு.

4. குரு: கோயிலுக்குக் கட்டுப்படாத உறவு

குழப்பம் கூடுதலாக வரும் இடம் குருக்கள். கோயிலில் தீபம் காட்டும் குருக்களை வெளியார் பூசகர் என்று மட்டுமே எண்ணுவர். மட்டக்களப்பில் வீரசைவ மரபில் வந்த குருக்கள் குடும்பங்கள் நீண்ட காலமாக உள்ளன. அவர்கள் கோயிலில் பூசை செய்பவர்கள் மட்டும் அல்லர். வீடுகளுக்குக் குருவும் ஆவார்கள். அந்த வீட்டுக்காரருக்குத் தீட்சை கொடுப்பது குருவாக இருந்து செய்யும் பணி. அதே மனிதர் மறுநாள் கோயிலில் திருவிழாப் பூசை செய்வது பூசகர் பணி. உடை ஒன்று, மனிதர் ஒருவர், உறவு இரண்டு.

இரண்டையும் பிரித்துப் பார்க்கச் சோதனைக் கேள்வியே போதும். கோயில் நிர்வாகம் அந்தக் குருக்களை நீக்கிவிட்டு வேறொருவரை அமர்த்துகிறது என்று கொள்வோம். அடுத்த நாளிலிருந்து அவர் அந்தக் கோயிலின் பூசகர் அல்லர். ஆனால் அவரிடம் தீட்சை பெற்ற குடும்பத்துக்கு அவர் இன்னும் குருதான். நிர்வாகத்தின் தீர்மானம் அந்த உறவைத் தொடுவதில்லை. அதை அறுக்கக் கூடியவர் சீடர் ஒருவரே. அவரும் வெளிப்படையாக அறுப்பது அரிது. வேறு குருவை நாடிப் போவார், அல்லது போக்குவரத்தை மெல்ல நிறுத்திக்கொள்வார்.

குருவிடம் கேட்கப்படுவதும் வேறு. பூசகரிடம் மக்கள் ஒரு செயலைச் செய்து தரும்படி கேட்கிறார்கள். குருவிடம் தாம் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். பூசகர் செய்த அர்ச்சனையின் பலன், அர்ச்சனைக்குக் கொடுத்தவர் கோயிலுக்கு வராவிட்டாலும் அவருக்கு உண்டு என்பது நம்பிக்கை. குரு சொன்னதைச் சீடர் செய்யாவிட்டால் எந்தப் பலனும் இல்லை.

பாடசாலை ஆசிரியரை இந்தப் பணியில் சேர்ப்பதா என்ற கேள்வி நியாயமானது. சைவசமய பாடம் கற்பிக்கும் ஆசிரியரை நியமிப்பதும் மாற்றுவதும் கல்வித் திணைக்களம். அந்த அளவில் அவர் உத்தியோகத்தர். ஆனால் ஊரில் பழைய மாணவர்கள் ஓய்வுபெற்ற ஆசிரியரை வாழ்நாள் முழுதும் 'சேர்' என்று அழைத்து, பிள்ளையின் படிப்பிலிருந்து கலியாணப் பேச்சு வரை ஆலோசனை கேட்கிறார்கள். நியமனம் முடிந்த பிறகும் நீடிக்கும் அந்தப் பகுதி, திணைக்களத்தின் கைக்கு அப்பாற்பட்டது. மட்டக்களப்பு வடக்கில் சமயக் குருவை விடப் பள்ளிக்கூட ஆசிரியரே இத்தகைய நம்பிக்கைக்கு உரியவராக இருப்பதைப் பல குடும்பங்களில் காணலாம்.

5. ஞானி: நியமனம் இல்லாத இடம்

யாழ்ப்பாணத்து நல்லூர் கந்தசுவாமி கோயில் தேரடியைப் பார்த்தால் மூன்று பணிகள் சில பாக தூரத்துக்குள் நின்ற காட்சி கிடைக்கும். கோயிலுக்குள்ளே நாள் தவறாமல் பூசை செய்தவர்கள் குருக்கள்மார். வெளியே தேரடியில் இருந்தவர் செல்லப்பா சுவாமி. 1915இல் மறைந்த அவரைப் பலர் பைத்தியம் என்றே எண்ணினார்கள். வந்தவர்களை ஏசி விரட்டுவார். கோயிலில் அவருக்கு ஒரு பணியும் இல்லை. எவரும் எதையும் அவரிடம் ஒப்படைக்கவில்லை. அவரையே குருவாகக் கொண்டு சீடராகி, பிறகு ஈழத்துச் சைவர் பெரிதும் போற்றிய ஞானியானவர் கொழும்புத்துறை யோகர் சுவாமி (1872–1964). அவர் துறவுக்கு முன் கிளிநொச்சியில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் களஞ்சியக் காப்பாளராக வேலை பார்த்தவர்.

தேரடிக் காட்சி ஒரு விஷயத்தைத் தெளிவாக்குகிறது. ஞானியை எவரும் அமர்த்தவில்லை. எனவே எவரும் விலக்க முடியாது. செல்லப்பாவைத் தேரடியிலிருந்து எழுப்பி விரட்டியிருந்தாலும் அவருடைய இடம் போயிருக்காது. மறுபுறம், அந்த இடத்தைத் தாமே கோரவும் முடியாது. மக்கள் ஏற்றால் உண்டு, ஏற்காவிட்டால் இல்லை. அந்த ஏற்பு பெரும்பாலும் காலம் தாழ்ந்தே உறுதியாகிறது. வாழும்போது சந்தேகமும் கேலியும் கலந்திருக்கும். தம்மை ஞானி என்று தாமே அறிவித்துக்கொண்டு சுவரொட்டி ஒட்டுபவரிடம் பழைய ஆட்கள் காட்டும் அவநம்பிக்கை இதிலிருந்து பிறந்ததுதான்.

யோகர் சுவாமியின் வழி மட்டக்களப்புக்கும் வந்தது. செங்கலடியில் உள்ள சிவதொண்டன் நிலையம் அவருடைய அடியார்கள் வழி வந்தது. மாங்கேணியிலிருந்து மட்டக்களப்பு நகருக்குப் போகிறவர்கள் செங்கலடியைக் கடந்துதான் போகிறார்கள். அங்கே கோயிலைப் போலக் கொடியேற்றமும் தேரும் இல்லை. ஞானியின் பெயரால் ஒரு நிறுவனம் எழும்போது அதை நடத்துபவர்கள் ஞானிகளாக இருக்க வேண்டியதில்லை, அவர்கள் நிர்வாகிகள். இந்த வேறுபாட்டை மறந்தவர்களே நிலையத்துப் பொறுப்பாளரிடம் அற்புதம் எதிர்பார்த்து ஏமாறுகிறார்கள்.

துறவியும் ஞானியும் ஒன்றல்ல என்பதையும் இங்கே குறிக்க வேண்டும். துறவு ஒரு மடத்தின் முறைப்படி கொடுக்கப்படுகிறது. காவியைத் தருபவர் ஒருவர் இருக்கிறார். எனவே துறவியை மடம் விலக்கவும் முடியும்.

கத்தோலிக்கத் திருச்சபை இதில் வேறு வழியில் போகிறது. அங்கே ஒருவரைப் புனிதர் என்று அறிவிப்பதற்கு நீண்ட விசாரணை உண்டு. ஒல்லாந்தர் ஆட்சியில் ஒளிந்து மறைந்து குருத்துவப் பணி செய்து 1711இல் கண்டியில் இறந்த யோசப் வாஸ் அடிகளாரை, 1995இல் அருளாளர் என்றும் 2015 சனவரியில் கொழும்பில் புனிதர் என்றும் திருத்தந்தையர் அறிவித்தார்கள். மூன்று நூற்றாண்டு இடைவெளி. அவர் குருவானவராக இருந்தது அபிஷேகத்தால். புனிதரானது இறந்த பின் திருச்சபையின் தீர்ப்பால். வாழும் குருவானவர் ஒருவர் எவ்வளவு நல்லவர் என்றாலும் அவரைப் புனிதர் என்று கத்தோலிக்கர் அழைப்பதில்லை. அவர் திருப்பலி ஒப்புக்கொடுக்கும் உரிமையும் அவருடைய நற்குணத்தைப் பொறுத்ததல்ல. பூசகரையும் ஞானியையும் பிரிக்கும் கோட்டைச் சட்டமாகவே எழுதி வைத்த சமூகம் அது.

6. அயலிலுள்ள முஸ்லிம் ஊர்கள்

மாங்கேணிக்குத் தெற்கே ஓட்டமாவடியும் வாழைச்சேனையும் இருக்கின்றன. இங்கே புதியவர் செய்யும் பெரிய தவறு, மௌலவியை 'முஸ்லிம் பூசாரி' என்று புரிந்துகொள்வது. இஸ்லாத்தில் பூசகர் பணி இல்லை. தொழுகையை முன்நின்று நடத்துபவர் இமாம். முறை தெரிந்த எந்த ஆணும் பள்ளியில் அதைச் செய்யலாம். நிரந்தரமாக ஒருவர் தேவை என்பதற்காகப் பேஷ் இமாமைச் சம்பளத்துக்கு அமர்த்துகிறார்கள். முன்பு இந்த வேலைகளையும் கத்தம் ஓதுதல், பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதக் கொடுத்தல் போன்றவற்றையும் செய்தவர் லெப்பை. மௌலவி என்பது மதரசாவில் பல ஆண்டுகள் ஓதிப் பட்டம் பெற்றதைக் குறிக்கும். அதாவது அவர் நான்கில் அறிஞர் வரிசைக்கே உரியவர். இமாம் பெரும்பாலும் மௌலவியாக இருப்பதால் இரண்டும் கலந்து தெரிகிறது.

பள்ளியின் நிர்வாகத்தில் மரைக்கார்மார் வகித்த இடம், கோயிலில் வண்ணக்கர் வகிக்கும் இடத்துக்கு ஏறத்தாழ ஒப்பானது. இருபுறமும் குடி முறையே அடித்தளம். இமாமை மாற்றுவது நிர்வாகத்தின் கையில். தரீக்காவின் ஷெய்கு குருவின் இடத்தில் இருக்கிறார். அவரிடம் கைகொடுத்தவர் முரீது. அவுலியாவோ ஞானியின் இடத்தில் இருக்கிறார்.

அவுலியாவுக்கு நல்ல எடுத்துக்காட்டு கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளி. நாகூரில் அடக்கமான ஷாஹுல் ஹமீது வலியுல்லாவின் பெயரால் அங்கே ஆண்டுதோறும் கொடியேற்றம் நடக்கிறது. அவருடைய உடல் அங்கே இல்லை. ஆனாலும் மக்கள் நேர்ச்சை கொண்டு வருகிறார்கள். மௌலவிமாரில் ஒரு பகுதியினர் இத்தகைய வழக்கங்கள் மார்க்கத்தில் இல்லை என்று கண்டிக்கிறார்கள். மறுபகுதியினர் ஆதாரம் காட்டி ஆதரிக்கிறார்கள். இங்கே அறிஞரின் பணி தெளிவாகத் தெரிகிறது: நூலை வைத்துச் சரி, பிழை சொல்வது. அந்தத் தீர்ப்பைக் கேட்ட பிறகும் கொடியேற்றத்துக்குப் போவதா இல்லையா என்பதை முடிவு செய்வது மக்கள்.

7. அறிஞர்: மறுக்கப்படக் கூடியவர்

அறிஞரை எந்த நிர்வாகமும் அறிஞர் நிலையிலிருந்து நீக்க முடியாது. பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவியைப் பறிக்கலாம். நூலைப் பறிக்க முடியாது. அவரை அகற்றும் ஒரே வழி மறுப்பு. இன்னொரு அறிஞர் சான்று காட்டி அவர் சொன்னது பிழை என்று நிறுவினால் அந்த அளவுக்கு அவர் விலக்கப்படுகிறார். மற்ற மூவருக்கும் இல்லாத நிலை இது. பூசையை எவரும் 'மறுப்பதில்லை'. குறை நேர்ந்தால் பரிகாரம் செய்கிறார்கள். ஞானியின் சொல்லுக்கு மறுப்புரை எழுதுவது அபத்தமாகத் தோன்றும்.

அறிஞர் பூசகரோடு மோதிய வரலாறு ஈழத்தில் நன்கு அறியப்பட்டது. ஆறுமுக நாவலர் (1822–1879) நல்லூர்க் கோயிலில் ஆகம விதி பின்பற்றப்படவில்லை என்று கடுமையாக எழுதினார். கண்ணகி வழிபாட்டையும் சைவத்துக்குப் புறம்பானது என்று கண்டித்தார். அவர் எந்தக் கோயிலின் கதவையும் பூட்டவில்லை. பூட்டும் அதிகாரமும் அவருக்கு இல்லை. ஆனால் அவருடைய வாதத்தை ஏற்ற தலைமுறைகள் கோயில் நிர்வாகங்களுக்கு வந்தபோது, யாழ்ப்பாணத்துக் கண்ணகி கோயில்கள் பல இராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி என்று மாறின. மட்டக்களப்பில் அந்த மாற்றம் அவ்வளவு தூரம் நடக்கவில்லை. தாய்வழிக் குடிகளின் உரிமை கோயிலோடு இறுகப் பிணைந்திருந்தது இதற்குக் காரணமாகலாம். சடங்கை மாற்றினால் ஒவ்வொரு குடியின் பங்கையும் புதிதாகப் பேச வேண்டி வரும். அந்தப் பேச்சைத் தொடங்க எவரும் விரும்பமாட்டார்கள்.

ஆனாலும் மட்டக்களப்பு இதற்கு முற்றிலும் விலக்கல்ல. ஓலைப் பந்தலாக இருந்த தெய்வ இடம் கற்கோயிலாகி, கும்பாபிஷேகம் செய்யப்பட்டு, நித்திய பூசைக்கு ஆகமம் அறிந்த குருக்கள் அமர்த்தப்படும்போது, பழைய கட்டாடியாருக்கு ஆண்டுச் சடங்கு மட்டும் மிஞ்சுகிறது. சில இடங்களில் அதுவும் மிஞ்சுவதில்லை. அறிஞரின் நூல் பூசகரை நீக்குவது இப்படி நிர்வாகத்தின் வழியாகச் சுற்றித்தான் நடக்கிறது.

8. ஒருவரில் பல பணிகள்: விபுலாநந்தர்

சோதனைக் கேள்வி எவ்வளவு தாங்கும் என்று பார்க்கச் சுவாமி விபுலாநந்தரை (1892–1947) விடப் பொருத்தமானவர் இல்லை. காரைதீவில் மயில்வாகனம் என்ற பெயரில் பிறந்தவர். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் தேர்வில் தேறினார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்றார். மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராக இருந்து, 1922இல் சென்னை இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். 1924இல் துறவு பெற்றார். கல்லடி உப்போடையில் 1929இல் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடக்கினார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியரானார்.

ஊரில் அவரை 'அடிகளார்' என்றால் எல்லாம் அடங்கிவிடுகிறது. பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் வேறு கையிலிருந்து வந்தது தெரியும். சுவாமி என்ற நிலையைத் தந்தது மடம். பேராசிரியர் பதவியைத் தந்தது பல்கலைக்கழகம். ஆசிரியர் என்ற மதிப்பைத் தந்தவர்கள் அவர் நடத்திய பாடசாலைகளில் படித்த பிள்ளைகள். அறிஞர் என்ற இடத்தை அவருக்குத் தந்தது 1947 சூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறிய யாழ் நூல். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை ஆதாரமாகக் கொண்டு, இசை நரம்புகளின் அளவுகளைக் கணிதத்தால் கணக்கிட்டு, மறைந்துபோன யாழ் வகைகளை அதில் மீட்டுருவாக்கினார். அதற்கடுத்த மாதம் 19ஆம் நாள் காலமானார். பின்வந்த இசை ஆய்வாளர்கள் அவருடைய முடிவுகளில் சிலவற்றை ஏற்றும் சிலவற்றை மறுத்தும் எழுதினார்கள். அந்த மறுப்புகளால் அவருடைய துறவுக்கோ ஆசிரிய மதிப்புக்கோ ஒரு குறையும் நேரவில்லை. பணிகள் உண்மையில் தனித்தனியானவை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

அவர் ஞானியா? இங்கே மதிப்பீடுகள் வேறுபடும். அன்பர்கள் சிலர் ஆம் என்பர். ஆனால் அவரை ஊர் நினைவுகூரும் முறையைப் பார்த்தால், பேச்சுப் போட்டியும் ஆய்வரங்கும் சிலைக்கு மாலையும் முன்னிற்கின்றன. நேர்ச்சையும் குறியும் அல்ல. மட்டக்களப்பு அவரை முதன்மையாக ஆசிரியராகவும் அறிஞராகவும் வைத்திருக்கிறது என்று கொள்வதே பொருத்தம். பூசகர் அவர் ஒருபோதும் இல்லை. கண்ணகியின் காப்பியத்தை அவரளவு நுணுகிக் கற்றவர் அந்தக் காலத்தில் மிகச் சிலரே. பிறந்த ஊரான காரைதீவிலும் புகழ்பெற்ற கண்ணகி கோயில் உண்டு. ஆனாலும் அந்தப் படிப்பு, வைகாசியில் கோயிற் கதவைத் திறக்கும் உரிமையை அவருக்குத் தராது. அது உரிமையுள்ள பூசகருக்கே, அவர் காப்பியத்தின் ஒரு வரியையும் படித்திராவிட்டாலும்.

இதே 1947இல் மறைந்த நல்லூர் ஞானப்பிரகாசர் அடிகளாரை அருகில் வைத்தால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். அவரும் பன்மொழி அறிஞர். துறவு வாழ்வு வாழ்ந்தவர். ஆனால் அவர் திருப்பலி ஒப்புக்கொடுத்த கத்தோலிக்கக் குருவானவர். அந்தப் பணியை அவருக்குத் தந்தது ஆயரின் கை. விபுலாநந்தருக்கும் அவருக்கும் அறிஞர் பணி பொது. பூசகர் பணி ஒருவருக்கே உரியது.

9. சோதனையின் எல்லைகள்

இந்தச் சோதனைக் கேள்வி எல்லா இடத்திலும் சுத்தமான விடை தராது. பரம்பரை உரிமை வலுவாக உள்ள கோயிலில் வண்ணக்கர் பூசகரை நீக்க முயன்றால் வழக்கு நீதிமன்றம் போகும். அங்கே விலக்கும் அதிகாரம் யாருக்கு என்பதே தகராறாகிறது. போரில் இடம்பெயர்ந்து மீண்ட ஊர்களில் பழைய நிர்வாகக் குடும்பங்கள் சிதறி, இளைஞர் சங்கமோ புலம்பெயர்ந்த உறவினரின் பணமோ அந்த இடத்தை எடுத்திருக்கலாம். பெயர்ப்பலகையில் உள்ள தலைவரும் உண்மையில் முடிவு செய்பவரும் வேறாக இருப்பதை அறிய ஒரு திருவிழாவாவது கூட இருந்து பார்க்க வேண்டும்.

பெண்களின் இடத்தையும் இந்த நான்கு பணிகள் சரியாகக் காட்டுவதில்லை. பழைய முறையில் பூசகரும் வண்ணக்கரும் ஆண்கள். ஆனால் அந்த உரிமை பாய்வது தாய்வழியாக. ஒரு பெண்ணின் மகன் என்பதால்தான் ஒருவர் வண்ணக்கராகிறார். தெய்வம் ஆடுவோரில் பெண்களும் உண்டு. குளிர்த்திக்கு முன்னிற்கும் மடைப்பெட்டிகளும் பொங்கலும் வீட்டுப் பெண்களின் கையால் வருபவை.

மாங்கேணிக்குப் புதிதாக வருபவருக்கு நடைமுறையில் வேண்டியது இவ்வளவுதான். கோயில் நாளும் இடமும் பற்றிய காரியம் என்றால் வண்ணக்கரிடமோ நிர்வாக சபையிடமோ பேச வேண்டும். பள்ளிவாசல் என்றால் அதன் நிர்வாகத்திடம். சடங்கின் ஒழுங்கு பற்றிய ஐயத்தைப் பூசகரிடம் கேட்கலாம். அதன் பொருளை அவரிடம் கேட்டு நெருக்க வேண்டாம். பொருளும் வரலாறும் வேண்டுமென்றால் ஊரிலுள்ள பழைய ஆசிரியர்களும் வழக்குரை படிப்போரும் சொல்வார்கள். சடங்கு காலத்தில் கோயிலடிக்குப் போகுமுன் வீட்டில் துடக்கு உண்டா என்று கேட்பார்கள். உண்டென்றால் வெளியே நின்று பார்ப்பது வழக்கம்.